ஆய்வுக்கு முன் ஒரு மின்னஞ்சல்: சமூக ஊடகமும் தனிமையும்

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கும் மாணவர்கள் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். பலர் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் பாடத்தைத் திறப்பவர்கள். பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அவர்கள் சொந்தமாக ஓர் ஆய்வு நடத்தியாக வேண்டும். பிரிட்டிஷ் உளவியல் கழகம் அங்கீகரிக்கும் பட்டத்துக்கு அந்த ஆய்வில் தேர்ச்சி கட்டாயம். மற்றப் பாடங்களில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் அதற்கு ஈடாகாது. வளாகத்தில் படிக்கும் மாணவர் நெறியாளரின் அறைக் கதவைத் தட்டிப் பத்து நிமிடம் பேசி, தம் எண்ணத்தைச் சீர்படுத்திக்கொள்ள முடியும். தொலைநிலை மாணவருக்கு அந்தப் பத்து நிமிடமும் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலுக்குள் அடங்கியாக வேண்டும்.

சமூக ஊடகமும் தனிமையும் என்ற தலைப்பு அந்த மாணவர்களை எளிதில் ஈர்ப்பது. 2018 ஜனவரியில் தனிமைப் பிரச்சினைக்கென்று ஓர் அமைச்சரையே நியமித்த நாடு பிரிட்டன். போதாததற்கு, தனியே உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இது தங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய கேள்வி. ஆனால் முதலில் எழுதப்படும் மின்னஞ்சல் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “சமூக ஊடகம் இளைஞர்களை எப்படித் தனிமையில் தள்ளுகிறது என்று ஆராய விரும்புகிறேன். ஒரு வினாத்தாள் தயாரித்து நண்பர்களுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். இது சரிவருமா?” நெறியாளரால் இதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆர்வம் இருக்கிறது, ஆராயக்கூடிய கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

முதல் சிக்கல் ‘தள்ளுகிறது’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒருவரிடம் ஒரே நேரத்தில் இரண்டு வினாத்தாள்களைக் கொடுத்து, அதிக நேரம் ஊடகத்தில் இருப்பவர்கள் அதிகத் தனிமையை உணர்கிறார்கள் என்று கண்டால், ஊடகம் தனிமையைத் தந்தது என்று சொல்ல வழியில்லை. தனிமையில் வாடுபவரே பேச்சுத்துணை தேடி ஊடகத்துக்குள் நுழைந்திருக்கலாம். வேலையிழப்பு, ஊர் மாற்றம், உடல்நலக் குறைவு போன்ற மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் சேர்த்தே கூட்டியிருக்கலாம்.

இந்தக் கவனம் எவ்வளவு தேவை என்பதற்கு இத்துறையின் வரலாறே சான்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் கிரவுட்டும் அவருடைய குழுவினரும் 73 குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்து, அந்த வீடுகளில் 169 பேரை ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் வீட்டாரோடு பேச்சு குறைந்ததையும் தனிமை சற்றுக் கூடியதையும் 1998-இல் வெளியிட்டார்கள். அது பெரிய விவாதமானது. அதே குழு தன் ஆய்வில் பங்கேற்றவர்களைப் பிறகும் பின்தொடர்ந்து, 2002-இல் இன்னொரு கட்டுரை எழுதியது: முன்பு கண்ட தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தன. புதிதாகச் சேர்த்த வேறொரு குழுவில், கலகலப்பாகப் பழகுபவர்களுக்கு இணையம் நன்மையாகவும், ஒதுங்கி இருப்பவர்களுக்குப் பாதகமாகவும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுக்கே இந்த நிலை என்றால், ஒரே தடவை நிரப்பும் வினாத்தாள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது மாணவருக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

காரணத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவின் பழக்கத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. 143 மாணவர்களில் ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மறு பிரிவினர் வழக்கம்போல இருந்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, கட்டுப்படுத்திக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வு குறைந்திருந்தது. இதையே சிறிய அளவில் செய்யலாமே என்று மாணவருக்குத் தோன்றும். மூன்று வாரம் தினமும் ஆட்களைக் கண்காணிப்பதும், நடுவில் விலகுபவர்களைச் சமாளிப்பதும் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் ஒருவருக்கு எளிதல்ல. எனவே, காரணம் என்ற கோரிக்கையைக் கைவிட்டு, இரண்டும் சேர்ந்து கூடுகின்றனவா என்று மட்டும் கேட்பதே நேர்மையான வழி. புள்ளியியலில் இதற்கு ஒட்டுறவு என்று பெயர்.

அடுத்தது, எதை அளப்பது? தனிமை என்பது ஆள் துணை இல்லாமல் இருப்பதல்ல. ஒருவர் விரும்பும் உறவுகளுக்கும் அவருக்கு வாய்த்திருக்கும் உறவுகளுக்கும் நடுவில் அவர் உணரும் இடைவெளி. ஆகவே நண்பர்களின் எண்ணிக்கையைக் கேட்டு அதை அளக்க முடியாது. சொந்தமாக நாலு கேள்வி எழுதுவதைவிட, பலமுறை சோதிக்கப்பட்ட அளவுகோலை எடுத்துக்கொள்வது நல்லது. லாஸ் ஏஞ்சலிஸில் 1978-இல் உருவாகி, டேனியல் ரஸல் 1996-இல் மூன்றாம் வடிவம் கொடுத்த யூ.சி.எல்.ஏ. தனிமை அளவுகோலில் 20 கேள்விகள் உண்டு. மதிப்பெண் 20 முதல் 80 வரை போகும். அதன் குறுவடிவத்தில் மூன்றே கேள்விகள்தான். ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தும் கணக்கெடுப்புக்கு அது போதும். அதில் மதிப்பெண் 3-இலிருந்து 9-க்குள் அடங்கிவிடுவதால், சிறிய குழுவில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு சரியாகத் தெரியாது. மாணவருக்கு 20 கேள்வி வடிவமே பொருத்தம்.

சமூக ஊடகத்தை அளப்பதில்தான் பெரும்பாலான முன்மொழிவுகள் தடுக்கி விழுகின்றன. நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் ஆட்கள் ஊகித்துச் சொல்வார்கள். அந்த ஊகம், கைபேசி பதிந்து வைத்திருக்கும் கணக்கோடு ஓரளவுக்கே ஒத்துப்போகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐபோனில் Screen Time, ஆண்ட்ராய்டில் Digital Wellbeing என்ற பகுதியைத் திறந்து, கடந்த வாரத்தின் சராசரியைப் பார்த்து எழுதச் சொல்வது இதைவிட நம்பகமானது. அப்போதும் நேரம் மட்டும் போதாது. ஒருவர் ஒரு மணி நேரம் அக்காவோடு செய்தி பரிமாறிக்கொண்டிருக்கலாம். மற்றொருவர் அதே ஒரு மணி நேரமும் யாரோ போட்ட சுற்றுலாப் படங்களைத் தள்ளிக்கொண்டே போயிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்து அளப்பதற்கு 2017-இல் ஃபேஸ்புக்குக்காக ஓர் அளவுகோல் உருவாக்கப்பட்டது. அதை இன்ஸ்டாகிராமுக்குப் பயன்படுத்தினால் சொற்களை மாற்ற நேரிடும். அப்படி மாற்றியதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாற்றிய அளவுகோல் பழைய அளவுகோலின் நம்பகத்தன்மையை அப்படியே கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒட்டுறவு 0.3 அளவில் இருந்தால், அதை நூற்றுக்கு எண்பது வாய்ப்போடு கண்டுபிடிக்க 85 பேர் போதும். 0.2 என்றால் 194 பேர் தேவை. இந்தத் துறையில் கிடைக்கும் ஒட்டுறவுகள் பெரும்பாலும் மெலிந்தவை. ஆகவே நாற்பது பேரை வைத்துக்கொண்டு ‘தொடர்பில்லை’ என்று முடிப்பது, தொடர்பு இல்லாததைக் காட்டாது. ஆட்கள் போதாததையே காட்டும்.

அந்த 194 பேரை எங்கே தேடுவது? இங்கேதான் இந்தத் தலைப்புக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. தொலைநிலை மாணவருக்கு அருகில் வகுப்பறை இல்லை. அதனால் வினாத்தாளின் இணைப்பை இன்ஸ்டாகிராமிலோ மாணவர்களின் ஃபேஸ்புக் குழுவிலோ போடுவார். அதைக் காண்பவர்கள் அங்கே அதிக நேரம் இருப்பவர்கள். எப்போதாவது எட்டிப் பார்ப்பவரும், மனம் நொந்து கணக்கை மூடிவிட்டவரும் ஆய்வுக்குள் வரவே மாட்டார்கள். எல்லாருமே அதிகம் பயன்படுத்துபவர்களாக இருந்தால் ஒப்பிடுவதற்குக் குறைவாகப் பயன்படுத்துபவர் இருக்க மாட்டார். உண்மையில் தொடர்பு இருந்தாலும் கணக்கில் அது இளைத்துப்போகும். பணியிட மின்னஞ்சல், நூலக அறிவிப்புப் பலகை என்று வேறு வழிகளிலும் ஆட்களைத் திரட்டினால் இந்தக் குறை ஓரளவு தணியும்.

ஆட்களைத் தேடும் அலைச்சலே வேண்டாம் என்று, தனிமையில் இருப்பவர்களுக்கான ஆதரவுக் குழுக்களில் வந்த பதிவுகளையே தரவாக எடுத்துக்கொள்ள எண்ணுபவர்களும் உண்டு. எளிது போலத் தோன்றும் இந்த வழி மிகவும் ஆபத்தானது. அங்கே எழுதியவர்கள் தங்களைப் போன்றவர்களிடம் பேசுவதாக நினைத்து மனம் திறந்திருக்கிறார்கள். பெயரை நீக்கினாலும், ஒரு வரியை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் இட்டு எழுதியவரைக் கண்டுபிடித்துவிட முடியும். வினாத்தாளிலும் பொறுப்பு உண்டு. இருபது கேள்வி வழியாக ஒருவரை அவருடைய தனிமையை நினைக்க வைத்துவிட்டு, நன்றி என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. கடைசிப் பக்கத்தில் உதவி எண் வேண்டும்; பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 எண்ணைத் தருவது வழக்கம்.

இவ்வளவையும் யோசித்த பிறகு அதே மாணவரின் மின்னஞ்சல் இப்படி மாறும்:

“இன்ஸ்டாகிராம் பயன்படுத்தும் 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களிடம், தாம் எதுவும் எழுதாமல் பிறர் பதிவுகளைப் பார்த்துக்கொண்டே போகும் பழக்கம் கூடும்போது தனிமை உணர்வும் கூடுகிறதா என்று ஆராய விரும்புகிறேன். கூடும் என்பது என் கருதுகோள். தனிமைக்கு யூ.சி.எல்.ஏ. அளவுகோலின் மூன்றாம் வடிவம். பார்க்கும் பழக்கத்துக்கு ஃபேஸ்புக் அளவுகோலைச் சொல் மாற்றிப் பயன்படுத்துவேன். மாற்றிய கேள்விகளை இணைத்துள்ளேன். நேரத்தைக் கைபேசிக் கணக்கிலிருந்து எழுதச் சொல்வேன். 194 பேர் இலக்கு. இணைப்பை ஊடகத்திலும், நான் வேலை செய்யும் இடத்தில் அனுமதி பெற்று அங்கேயும் பகிர்வேன். பெயர் கேட்க மாட்டேன். பங்கேற்பவர் தாமே வைத்துக்கொள்ளும் ஒரு குறியீட்டைச் சொல்லி இரண்டு வாரத்துக்குள் விலகலாம். இந்த ஆய்வு காரணத்தைக் காட்டாது என்பது தெரியும். என் சந்தேகம் ஒன்று: அலுவலகத்தில் எனக்குக் கீழே பணிபுரிபவர்களையும் அழைக்கலாமா?”

இதற்கு நெறியாளரால் உடனே பதில் எழுத முடியும். கீழே பணிபுரிபவர் மறுக்கத் தயங்குவார். ஆகவே அவர்களை நேரில் அழைக்காமல் பொது அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார். ஆட்களில் பலர் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தால் வயதும் வேலையும் கொடுக்கும் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து ஆளை அடையாளம் காண முடியும் என்பதால், வேலையைப் பற்றிய கேள்வியை நீக்கச் சொல்லக்கூடும். பிறகு அறநெறி ஒப்புதலுக்கான படிவம் போகும். ஒப்புதல் வருவதற்கு முன் ஒருவரிடம்கூட விடை வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தத் தரவைப் பயன்படுத்த முடியாது. ஒப்புதலுக்குப் பின் வயது வரம்பையோ அளவுகோலையோ மாற்ற நினைத்தால் மறுபடியும் நெறியாளருக்கு எழுத வேண்டும். முடிவில் ஒட்டுறவு ஏதும் தென்படாமல் போனாலும் மாணவர் தேர்ச்சி பெற முடியும். கேள்வி, அளந்த முறை, கிடைத்ததை விளக்கிய விதம் ஆகியவற்றைப் பார்த்தே மதிப்பெண் போடப்படுகிறது.