செயலி விற்ற காசும் வருமான வரியும்

செல்போன் செயலியைத் தனியாளாக எழுதி கூகுள் பிளேயில் விற்பவருக்கு, வாங்கியவர் கொடுத்த பணம் முழுதாக வந்து சேராது. சிறு டெவலப்பர்களுக்கான சலுகையில் பதிந்திருந்தால், ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருவாய் வரை கூகுளின் கட்டணம் 15 சதவீதம். ஒரு மாத விற்பனையின் மீதிப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதியை ஒட்டி அனுப்பப்படும்.

வங்கிக்கு வந்த தொகையையே வருமானம் என்று எழுதிவிடுவது பலர் செய்வது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வரிக் கணக்கில் செயலி விற்பனை தொழில் வருமானம். வரவாக எழுத வேண்டியது முழு விற்பனைத் தொகை. கூகுள் எடுத்த கட்டணம் செலவுப் பக்கம் போகும். இந்தியாவில் மின்வணிகத் தளங்கள் விற்பவரிடம் பிடிக்கும் டிடிஎஸ் 0.1 சதவீதம். பான் எண் கொடுத்த தனிநபருக்கு ஆண்டு விற்பனை 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது பிடிக்கப்படும். அதைக் கணக்கிடுவதும் முழு விற்பனைத் தொகைமீதுதான். ஆக, வருமான வரித் துறையின் பதிவில் பெரிய தொகையும் நம் கணக்கில் சிறிய தொகையும் இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம்.

மாதச் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவர் சம்பளம் 10 லட்சம் ரூபாய். புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக 9.25 லட்சம். வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரியே இல்லை. அலுவலகமும் எதுவும் பிடிக்காது.

அவருடைய செயலி அதே ஆண்டில் இந்தியாவில் 10 லட்சத்துக்கு விற்றது. கூகுள் கட்டணம் 1.5 லட்சம், சர்வர் வாடகை போன்ற செலவு 1 லட்சம். லாபம் 7.5 லட்சம். தனியாக இருந்திருந்தால் இந்த லாபத்துக்கும் வரி கிடையாது. ஆனால் இரண்டும் சேர்ந்தால் 16.75 லட்சம். தள்ளுபடி போய்விடுகிறது, சம்பளத்துக்கும் சேர்த்தே வரி விழுகிறது. வரி 1,35,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 5,400, மொத்தம் 1,40,400 ரூபாய். டிடிஎஸ்ஸில் கழிந்திருப்பது 1,000 ரூபாய்தான்.

மீதி 1,39,400 ரூபாயை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாய்க்குக் குறையாவிட்டால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ஆம் தேதிக்குள் தவணையாக முன்வரி கட்ட வேண்டும். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. இன்னொரு வழியும் உண்டு: செயலி லாபத்தை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், அதற்கான வரியையும் சம்பளத்திலேயே மாதந்தோறும் பிடித்துக்கொள்வார்கள்.

மார்ச் விற்பனையின் பணம் ஏப்ரலில்தான் வரும். விற்ற நாளை வைத்துக் கணக்கு எழுதுபவருக்கு அது முடிந்த நிதியாண்டின் வருமானம். பணம் வந்த நாளை வைத்து எழுதுபவருக்கு அடுத்த ஆண்டுடையது. இரண்டும் செல்லும். வசதிக்கேற்ப ஆண்டுக்கு ஒரு முறையாக மாற்றிக்கொண்டிருக்கத்தான் கூடாது. எந்த முறையானாலும் பிளே கன்சோலில் கிடைக்கும் மாத வருவாய் அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையும் கட்டணமும் தனித்தனியாகத் தெரிவது அதில்தான்.