பாட்டு முடிஞ்சுதா, இல்லையா? காதுக்குச் சொல்லும் 4 'கேடன்ஸ்'கள்!

மேற்கத்திய இசையில் ஒரு வரி முடியும்போது கடைசியாக வரும் இரண்டு கார்ட்களைத்தான் 'கேடன்ஸ்' என்கிறார்கள். கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், அவ்வளவுதான்.

1824-ல் அரங்கேறிய பீத்தோவனின் 9-வது சிம்பொனியில் வரும் 'ஓட் டு ஜாய்' மெட்டை எடுத்துக்கொள்வோம். கீபோர்டில் சி மேஜரில் வாசிச்சுப் பாருங்க. முதல் வரி ஜி கார்டில் போய் நிற்கும். கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். இது ஹாஃப் கேடன்ஸ்.

இரண்டாவது வரி ஏறக்குறைய அதே மெட்டுதான். ஆனால் ஜி-யிலிருந்து சி கார்டுக்கு வந்துவிடும். ஜி கார்டில் உள்ள பி சுரம் அரை சுரம் மேலேறி சி-யைத் தொடும்போது, 'வீடு வந்தாச்சு' என்ற நிம்மதி. இது பெர்ஃபெக்ட் கேடன்ஸ்.

இப்போ ஒரு குறும்பு. மெட்டை மாற்றாமல், கடைசி சி கார்டுக்குப் பதில் ஏ மைனரை வையுங்கள். ஏ, சி, இ: இதிலும் சி இருக்கு. அதனால் மெட்டு வீடு சேர்ந்துடுச்சு. இடது கையின் பேஸ் மட்டும் ஏ-க்கு நழுவிடுச்சு. ஏமாந்தது காது! இதுதான் டிசெப்டிவ். பாட்டை இன்னும் கொஞ்சம் நீட்ட இது வசதி.

பிளேகல் என்பது எஃப்-லிருந்து சி. இரண்டு கார்டிலும் சி உண்டு, இழுக்கும் பி கிடையாது. அதனால் மென்மையாக அடங்கும். தேவாலயப் பாடல்களின் 'ஆமென்' இதுதான். ஹேண்டலின் 'அல்லேலூயா' கோரஸும் இப்படித்தான் முடிகிறது, ஆனால் முழு சத்தத்தில்!