மூன்று நிமிடத்தில் ஒரு விருதாளர்

அழைப்பிதழில் ‘விருதாளர் அறிமுகம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் நம் பெயர் அச்சாகிவிட்டால், நாம் முதலில் செய்வது விருதாளரிடம் பயோடேட்டா கேட்பது. பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவிகள், ஏற்கெனவே வாங்கிய விருதுகள் என்று பக்கம் பக்கமாக வரும். அதை மேடையில் வாசிக்கத் தொடங்கினால் பாதிக்கு முன்பே கூட்டம் கைபேசியை எடுத்துவிடும். கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. காதால் கேட்கும் ஆண்டுகளும் பதவிப் பெயர்களும் ஒன்றோடொன்று கலந்துபோகும். அவற்றை விழா மலரில் போட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள். மேடைக்கு ஓர் உண்மைச் சம்பவம் போதும். எந்தச் சம்பவம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை எடுத்துக்கொள்வோம். 1973இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2006இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு நமக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

அவர் வாழ்க்கையில் மேடைக்கேற்ற சம்பவங்கள் இரண்டு உண்டு. ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கியது ஒன்று. 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது இன்னொன்று. இரண்டுமே நல்ல கதைகள்தான். ஆனால் இரண்டையும் சொன்னால் மறுபடி பட்டியலாகிவிடும். எதை எடுப்பது என்று விருதுதான் தீர்மானிக்க வேண்டும். அறுவை சிகிச்சைத் திறமைக்கான விருது என்றால் விரல்களின் கதை. ஏழைகளுக்குச் செய்த தொண்டுக்கான விருது என்றால் 11 படுக்கைகளின் கதை.

முதலாவதை எடுத்துக்கொண்டால் பேச்சு இப்படி அமையலாம்:

“ராணுவத்திலிருந்து ஓர் இளம் டாக்டர் நோயாளியாகத் திரும்பினார். முடக்குவாதம். நெடுநாள் படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணியிருந்தன. பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடு. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டார். கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்குள் அறுவைக் கத்தி நிற்கும்வரை பழகினார். அதே விரல்களால் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். டாக்டர் வெங்கடசாமி அவர்கள்.”

இதில் பிறந்த ஊர் இல்லை, கல்லூரி இல்லை, பத்மஸ்ரீகூட இல்லை. ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. கோணிய விரல்களைப் பார்த்த பிறகு வருவதால் அந்த ஒரு லட்சம் காதில் நிற்கிறது. முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் வெறும் புள்ளிவிவரமாகப் போயிருக்கும். பெயர் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. பெயரைக் கேட்டதும் கூட்டம் கைதட்டும், விருதாளர் எழுந்திருப்பார். அதற்குப் பிறகு பேசுவது யார் காதிலும் விழாது.

இப்படியொரு சம்பவம் பயோடேட்டாவில் கிடைக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். விருதாளரிடமே “உங்கள் சாதனை என்ன?” என்று கேட்டால் அடக்கமாகச் சிரித்துவிட்டு அதே நான்கு பக்கத்தைத் தருவார். “இதை விட்டுவிடலாம் என்று எப்போதாவது நினைத்தீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு திசையில் போகும். கூட வேலை பார்த்தவர்களையும் வீட்டிலிருப்பவர்களையும் விசாரித்தால் இன்னும் நன்றாகத் தேறும். ஆனால் அவர்கள் சொல்வதில் பாசமும் கலந்திருக்கும். ‘ஒரு வருஷம்’ என்பது மூன்று வருஷமாகும். உடன் நின்ற நண்பர் கதையிலிருந்தே காணாமல் போவார். அதனால் எழுதியதை விருதாளருக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டுவது நல்லது. தகவல் சரிபார்ப்பதோடு, இதைப் பொதுவில் சொல்லலாமா என்ற சம்மதமும் அப்போதே கிடைக்கும். நோய், கடன், குடும்பச் சண்டை போன்றவற்றைக் கேட்காமல் மேடையேற்றினால் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் அவர் முகம் இறுகிவிடும். ஏற்புரையில் அவரே சொல்லவிருந்த கதையா என்பதும் தெரிந்துவிடும். அப்படியானால் வேறு சம்பவத்துக்குப் போக வேண்டியதுதான்.

நம் மேடைகளில் அடிக்கடி நேரும் விபத்து வேறொன்று: கதை மெல்ல நழுவி, அறிமுகம் செய்பவரின் கதையாகிவிடும். “நானும் இவரும் ஒரே விடுதியில்...” என்று தொடங்கி, விருதாளர் சாட்சியாக மட்டும் நிற்கும் கதைகளை எத்தனையோ கேட்டிருக்கிறோம். எழுதி முடித்ததும் ‘நான்’, ‘என்னிடம்’ வரும் வரிகளை அடித்துவிட்டுப் படித்தால் இது உடனே தெரியும். அடித்த பிறகு மீதி நிற்கவில்லை என்றால், அந்தக் கதையை விருதாளரோடு தேநீர் குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.