'விலைக்கு டிஎம் பண்ணுங்க' போதுமா? வீடு பார்க்க வரும் முன்பே நம்ப வைக்கும் ரீல்ஸ்

ட்ரோன் ஷாட், பின்னணியில் ட்ரெண்டிங் பாட்டு, 'மெயின் ரோட்டில் இருந்து 5 நிமிடம்' என்ற வாசகம், கடைசியில் 'விலைக்கு டிஎம் பண்ணுங்க'. சென்னைப் புறநகர் ரியல் எஸ்டேட் ரீல்ஸில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. வியூஸ் வரும், 'பிரைஸ் ப்ளீஸ்' கமென்ட்டும் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு வீடு பார்க்க வர ஆள் இருக்காது. காரணம் சிம்பிள். வாங்குபவர் பயப்படுவது டைல்ஸ் கலரைப் பற்றி அல்ல. சொன்ன விலை நேரில் மாறுமோ, டாக்குமென்ட்டில் சிக்கல் இருக்குமோ என்றுதான். இந்த இரண்டு பயத்துக்கும் போனிலேயே பதில் சொல்லும் ஏஜென்ட்டுக்கு பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் விலை. மடிப்பாக்கத்தில் ஒரு ரீசேல் 2 பிஎச்கே ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர் பில்ட்-அப் 1,000 சதுர அடி, சதுர அடி 6,500 ரூபாய். '65 லட்சம்' என்று போட்டுவிட்டு நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் வாங்குபவரின் பாக்கெட்டில் இருந்து போவது அது மட்டுமல்ல. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, இரண்டும் சேர்த்து 5.85 லட்சம். ஏஜென்ட் கமிஷன் 1% என்றால் இன்னொரு 65,000. ஆக 71.5 லட்சம். இந்தக் கணக்கை அப்படியே ஸ்க்ரீனில் காட்ட வேண்டும், கமிஷன் உட்பட. அதைச் சொல்லத்தான் பலருக்கும் கூச்சம். ஆனால் கடைசி நிமிடத்தில் தெரியவரும் கமிஷன்தான் அதிக சண்டையைக் கிளப்புகிறது.

அளவும் அப்படித்தான். ரெரா சட்டத்தின் கார்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் இருக்கும் பரப்பு. உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. 1,000 என்று சொல்லும் வீட்டுக்குள் 720தான் இருக்கிறது என்றால், அதை டேப் வைத்து அளந்து வீடியோவிலேயே காட்டிவிடலாம். கூடவே யூடிஎஸ், அதாவது நிலத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நேரில் வந்து 'என்னங்க இவ்ளோ சின்னதா இருக்கு' என்று முகம் சுளிப்பவர், அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் வந்திருக்கவே மாட்டார். இரண்டு பேருக்கும் ஒரு நாள் மிச்சம்.

வில்லங்கச் சான்றை எப்படிக் காட்டுவது?

டாக்குமென்ட் விஷயத்தில் 'கிளியர் டைட்டில்' என்ற ஸ்டிக்கருக்கு மதிப்பே இல்லை, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். அதற்குப் பதில் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைத் தேடும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை ஒரு நிமிட வீடியோவாகப் போடலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், எந்த ஆண்டிலிருந்து எதுவரை என்று கொடுத்தால் பதிவான பரிவர்த்தனைகள் வரிசையாக வரும்.

நம்ம மடிப்பாக்கம் ஃபிளாட்டில் 2016இல் ஒரு வங்கிக் கடன் அடமானம் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓனர் கடனை அடைத்துவிட்டார். ஆனால் அதற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்றால், பட்டியலில் அடமானம் அப்படியே நிற்கும். இதை மறைக்கத் தேவையில்லை. 'இந்த என்ட்ரி இருக்கு, ஓனர் வங்கியில் இருந்து ரசீது பதிவு செய்து கொடுத்த பிறகுதான் அட்வான்ஸ் வாங்குவோம்' என்று சொல்லும் வீடியோ, பத்து ட்ரோன் ஷாட்டை விட அதிகம் பேசும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஓனர் பெயர், ஆவண எண், கதவு எண் ஆகியவற்றை பப்ளிக் வீடியோவில் மங்கலாக்கிவிட வேண்டும். அது ஓனரின் தனிப்பட்ட விவரம். அதோடு, வேறு புரோக்கர் நேராக ஓனரிடம் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. சீரியஸாகக் கேட்பவருக்கு, ஓனரின் சம்மதத்தோடு, சர்வே எண்ணை வாட்ஸ்அப்பில் கொடுத்து 'நீங்களே செக் பண்ணிக்கோங்க' என்று சொல்லலாம். இரண்டாவது, வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். பதிவு செய்யாத ஒப்பந்தம், வாரிசுப் பிரச்னை, பல கோர்ட் வழக்குகள் அதில் வராது. அதனால் '100% கிளியர்' என்று எந்த ஏஜென்ட்டும் சொல்லக் கூடாது, வக்கீல் பார்க்கட்டும்.

புதிய புராஜெக்ட் என்றால் கதை வேறு. ரெரா பதிவு தேவைப்படும் புராஜெக்ட்டை, பதிவு இல்லாமல் விளம்பரப்படுத்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது, அதை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். புராஜெக்ட் எண், ஏஜென்ட் எண் இரண்டையும் கேப்ஷனிலேயே போட்டால், rera.tn.gov.in போய் யாரும் சரிபார்க்கலாம்.

வேலை செய்கிறதா என்பதை லைக்ஸ் சொல்லாது, கேள்விகள் சொல்லும். 'பிரைஸ்?' என்பது குறைந்து, 'அந்த ரசீது பதிவாகிடுச்சா?', 'யூடிஎஸ் எவ்ளோ?' என்று வர ஆரம்பித்தால் சரியான ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் ஒரு சின்ன வேலை: வீடு விற்றதும் பழைய ரீலை அப்படியே விடாமல் கவரிலேயே 'விற்றாச்சு' என்று போட வேண்டும். போன் பண்ணுபவரிடம் 'அது போச்சு சார், இன்னொன்னு இருக்கு' என்று சொல்ல நேர்ந்தால், அவர் அடுத்த ரீலையும் தூண்டில் என்றே நினைப்பார்.