ஆர்டர் விழுந்தால் விற்பனை ஆகிவிட்டதா?

இணையக் கடையின் விற்பனைப் புனலைச் சென்ற வாரம் படிப்படியாக வரைந்து பார்த்தோம். விளம்பரத்தைப் பார்த்தவர், கிளிக் செய்து பொருளைப் பார்த்தவர், கூடையில் போட்டவர், பணம் கட்டும் பக்கம் வரை வந்தவர், ஆர்டர் போட்டவர் என்று கீழே வர வர ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். இவற்றில் கடைக்குள் நடக்கும் படிகளை கூகுள் அனலிட்டிக்ஸ் `view_item`, `add_to_cart`, `begin_checkout`, `purchase` என்ற பெயர்களில் பதிவு செய்கிறது. கடைசிப் பெயரில்தான் கவனம் வேண்டும். ஆர்டர் பதிவானதுமே `purchase` என்று எண்ணும்படிதான் பெரும்பாலான கடைகளில் அமைத்திருப்பார்கள். நம் ஊரில் நடக்கும் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரில், அந்த நேரத்தில் கடைக்காரர் கைக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்காது.

கணக்குக்காக ஒரு சிறிய புடவைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாத விளம்பரச் செலவு 40,000 ரூபாய். அதன் வழியாகக் கடைக்கு வந்தவர்கள் 5,000 பேர். அவர்களில் 400 பேர் கூடையில் போட்டார்கள், 200 பேர் பணம் கட்டும் பக்கம் வரை வந்தார்கள், 100 பேர் ஆர்டர் போட்டார்கள். வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கியிருப்பதால் கன்வர்ஷன் ரேட் 2%. ஒரு ஆர்டருக்கு ஆன விளம்பரச் செலவு 400 ரூபாய். புடவையின் கொள்முதல், பெட்டி, கூரியர் எல்லாம் போக ஒன்றுக்கு 450 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், மாதம் 5,000 ரூபாய் லாபம். திரையில் தெரியும் கணக்கு இதுதான். இதை நம்பித்தான் பலரும் அடுத்த மாதம் விளம்பரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள்.

இப்போது அந்த 100 ஆர்டரையும் வீட்டு வாசல் வரை பின்தொடர்வோம். 35 பேர் முன்பணம் கட்டியவர்கள், 65 பேர் கேஷ் ஆன் டெலிவரி. அந்த 65-இல் 20 பார்சல்கள் திரும்பி வந்துவிட்டன. ஆள் வீட்டில் இல்லை, போனை எடுக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று காரணம் எதுவானாலும் போகவும் வரவும் கூரியர் கூலி கடைக்காரர் தலையில்தான். பார்சலுக்கு 150 ரூபாய் வீதம் 3,000 ரூபாய்.

வாடிக்கையாளர் கையில் சேர்ந்தவை 80 புடவைகள். அவற்றால் கிடைத்தது 36,000 ரூபாய். விளம்பரச் செலவையும் திரும்பிய பார்சல் கூலியையும் கழித்தால் 7,000 ரூபாய் நஷ்டம். உண்மையான கன்வர்ஷன் ரேட் 1.6% மட்டுமே.

இன்னொரு திருத்தமும் தேவை. அந்த 80 பேரில் 20 பேர் ஏற்கெனவே இதே கடையில் வாங்கியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் காட்டாவிட்டாலும் அவர்களில் சிலர் வந்திருப்பார்கள். ஆனால் விளம்பரத் தளம் அந்த விற்பனைகளையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். மெட்டா விளம்பரங்களில் நாம் மாற்றாதவரை, விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கியவரும், வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரும் சேர்த்தே எண்ணப்படுவார்கள். ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவை சி.ஏ.சி. என்கிறோம். பெயருக்கேற்ப, விளம்பரச் செலவைப் புதியவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுக்க வேண்டும். 40,000-ஐ 60-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 667 ரூபாய். திரை காட்டிய 400 ரூபாய் எங்கே, இது எங்கே!

ஓட்டை எந்தப் படியில் என்று இப்போது தெரிகிறது. அது விளம்பரத்தில் இல்லை, ஆர்டருக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. முன்பணம் கட்டினால் 50 ரூபாய் தள்ளுபடி என்று அறிவிக்கிறோம். 30 பேர் கேஷ் ஆன் டெலிவரியிலிருந்து முன்பணத்துக்கு மாறுகிறார்கள், திரும்பும் பார்சல் 20-லிருந்து 10 ஆகிறது என்று கொள்வோம். 90 புடவைகள் சேர்ந்து 40,500 ரூபாய் வரும். ஆனால் முன்பே முன்பணம் கட்டிக்கொண்டிருந்த 35 பேருக்கும் அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தாக வேண்டும். ஆக 65 பேருக்கு 3,250 ரூபாய். கூரியர் கூலி 1,500, விளம்பரம் 40,000 எல்லாம் போக இன்னும் 4,250 ரூபாய் நஷ்டம். தள்ளுபடி நஷ்டத்தைக் குறைத்தது, தீர்க்கவில்லை.

மீதியைத் தீர்ப்பது வாடிக்கையாளர் இரண்டாவது முறை வாங்குவதுதான். புதிதாக வந்தவர்கள் விளம்பரம் இல்லாமல் திரும்பி வந்து முழு விலைக்கு இன்னொரு புடவை எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 450 ரூபாய் அப்படியே மிஞ்சும். தள்ளுபடிக்கு முன் நஷ்டத்தை அடைக்க 16 பேர் திரும்பி வர வேண்டியிருந்தது. இப்போது 10 பேர் போதும். அந்தப் பத்துப் பேர் வருகிறார்களா என்பதை எந்த விளம்பரத் திரையும் தானாகச் சொல்லாது. புடவை கையில் சேர்ந்த மாதத்தைத் தலைப்பாக வைத்து, அந்த மாதத்துப் புதியவர்களை ஒரு பட்டியலாக எழுதி, 90 நாள் கழித்து எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள் என்று எண்ண வேண்டும்.

அந்தப் பட்டியலை எப்படிப் போடுவது, எப்படிப் படிப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)