ரிசல்ட் வரும் நாளில் பங்கைக் கையில் வைத்திருக்கலாமா?

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. இன்ஃபோசிஸ் பங்கு சுமார் 1,389 ரூபாயில் முடிந்தது. சந்தை மூடியபின் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை, அதைத் தொடர்ந்து சனி, ஞாயிறு. திங்கட்கிழமைதான் சந்தை திறந்தது. அன்று பங்கு சுமார் 1,259-இல் முடிந்தது, அதாவது 9 சதவீதத்துக்கு மேல் சரிவு.

முடிவுத் தேதி ரகசியமல்ல. இயக்குநர் குழுக் கூட்டத்தை நிறுவனம் முன்கூட்டியே பங்குச் சந்தைக்குத் தெரிவித்துவிடும். தேதியோடு, முடிவு சந்தை நேரத்தில் வருமா, அதன்பின் வருமா, அடுத்து விடுமுறை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இன்ஃபோசிஸுக்கு முந்தைய நாளே டிசிஎஸ் முடிவு வந்திருந்தது. அது எதிர்பார்ப்புக்குக் குறைவாக இருந்தது. அதே தொழிலில் உள்ள நிறுவனத்திடமிருந்து வந்த அந்தச் செய்தியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது மதிப்பீடு. அதற்கு முந்தைய நான்கு காலாண்டுகளில் ஒரு பங்குக்கான லாபம் ஏறக்குறைய 57 ரூபாய். 1,389 என்பது அதைப்போல 24 மடங்கு. வருவாய் 15 சதவீதம் வளர்ந்த ஆண்டின் முடிவில் அந்த விலை நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் என்று நிறுவனம் சொன்னது. லாபம் ஒரு ரூபாய்கூடக் குறைய வேண்டாம். வாங்குபவர்கள் 24-க்குப் பதிலாக 22 மடங்குதான் தருவோம் என்றாலே விலை 1,254 ஆகிவிடும். நடந்தது ஏறக்குறைய அதுதான். ஆகவே முடிவுக்கு முன்பே, மடங்கு இரண்டு குறைந்தால் விலை எங்கே நிற்கும் என்று போட்டுப் பார்ப்பது அவசியம்.

இப்போது சார்ட். 2022 செப்டம்பரில் 1,360-ஐ ஒட்டிய விலையில் பங்கு விழாமல் நின்றது. அந்த சப்போர்ட்டை நம்பி ஒருவர் 100 பங்கு வைத்து, 1,350-இல் ஸ்டாப் லாஸ் போட நினைத்திருந்தால், தன் நஷ்டம் 3,900 ரூபாய் என்றுதான் கணக்கிட்டிருப்பார். ஆனால் திங்கள் காலை வர்த்தகமே 1,350-க்கு வெகு கீழேதான் தொடங்கியது. இடையிலுள்ள விலைகளில் வாங்க ஆளே இல்லை. மாலை விலையில் விற்றிருந்தாலும் 13,000 ரூபாய் போயிருக்கும். சப்போர்ட் கோடு சாதாரண நாளில் உதவும். முடிவுக்கு மறுநாள் விலை அதைத் தாண்டிக் குதித்துவிடும்.

அதனால் எவ்வளவு வைத்திருப்பது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பங்கின் பழைய முடிவு நாள்களைச் சார்ட்டில் தேடி, மோசமான ஒருநாள் சரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 10 சதவீதம் என்றால் பங்குக்கு 139 ரூபாய். 7,000 ரூபாய் வரைதான் தாங்க முடியும் என்றால் 50 பங்கு போதும். மீதியை முடிவுக்கு முன்பே விற்றுவிடலாம்.

பல ஆண்டு நோக்கில் வாங்கியவருக்கு இந்தச் சரிவு வேறு மாதிரி. அதே பங்கு 2023 முடியும்போது 1,500-க்கு மேல் இருந்தது. கடன் வாங்கியோ ஒரு மாதத்தில் திருப்ப வேண்டிய பணத்திலோ வாங்கியவரால் டிசம்பர் வரை காத்திருக்க முடிந்திருக்காது.