செலவுக் கணக்கில் 75 லட்சம், கையை விட்டுப் போனது எவ்வளவு?

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு பின்னலாடை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டில் அதன் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ 3 கோடி ரூபாய். லாப நட்டக் கணக்கில் வருமான வரிச் செலவு 75 லட்சம் என்று இருக்கிறது. அந்த ஆண்டில் வரிக்காக உண்மையில் போன பணம் எவ்வளவு என்பதை இந்த 75 லட்சம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய இடம் பணப்புழக்க அறிக்கை. வரிக்கு முந்தைய லாபத்தில் தொடங்கும் அந்த அறிக்கையில், செயல்பாட்டுப் பிரிவின் கடைசியில் ‘செலுத்திய வருமான வரி’ தனி வரியாக வரும். அதைத் தனியே காட்டியாக வேண்டும் என்று கணக்கியல் தரநிலையே சொல்கிறது.

கணக்கிடும் முறை மளிகைக் கடைப் பற்றுக் கணக்குதான். போன மாத பாக்கியோடு இந்த மாதம் வாங்கியதைக் கூட்டி, இன்னும் நிற்கும் பாக்கியைக் கழித்தால், கொடுத்த காசு வந்துவிடும். வரிக்கும் இதேதான்: ஆண்டுத் தொடக்கத்தில் செலுத்த வேண்டியிருந்த வரி, அதோடு ஆண்டின் வரிச் செலவு, அதில் ஆண்டு முடிவில் செலுத்த வேண்டிய வரி கழிந்தால் மீதி கட்டிய பணம்.

நம் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் தொடக்க பாக்கி 4 லட்சம், இறுதி பாக்கி 6 லட்சம். அப்படியானால் 4-ஐயும் 75-ஐயும் கூட்டி 6-ஐக் கழித்து, 73 லட்சம் கட்டியதாக எழுதிவிடலாமா?

கூடாது. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வரிச் செலவுக்கான குறிப்பைத் திறந்து பார்த்தால் 75 லட்சம் இரண்டாகப் பிரிந்திருக்கும்: நடப்பு வரி 66 லட்சம், ஒத்திவைக்கப்பட்ட வரி 9 லட்சம். நிறுவனம் புதிதாகப் பின்னல் இயந்திரங்கள் வாங்கியிருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி அவற்றுக்குத் தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும் தேய்மானம், நிறுவனம் தன் ஏட்டில் எழுதுவதைவிட அதிகம். அதனால் இப்போது வரி குறைகிறது, பின்னால் கூடும். பின்னால் கூடப்போகும் அந்தத் தொகையை இந்த ஆண்டே செலவாகக் காட்டுவதுதான் அந்த 9 லட்சம். அது இன்னும் யாருக்கும் கட்டப்படவில்லை; அதற்கான பொறுப்பு இருப்புநிலைக் குறிப்பில் தனித் தலைப்பில் நிற்கிறது. எனவே 4 கூட்டல் 66 கழித்தல் 6, அதாவது 64 லட்சம்.

இது சரிதானா என்று நிறுவனத்தின் ஏடுகளிலேயே சோதிக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் அட்வான்ஸ் டாக்ஸாகப் போனது 54 லட்சம். அந்நிறுவனத்துக்குப் பணம் தந்தவர்கள் பிடித்துக் கட்டிய டி.டி.எஸ். 6 லட்சம், அது படிவம் 26AS-இல் தெரியும். முந்தைய ஆண்டுக்கான மீதி வரி 4 லட்சத்தை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்டியிருக்கிறார்கள். மொத்தம் 64 லட்சம், சலான்களோடு ஒத்துப்போகிறது. 73 என்று எழுதியிருந்தால் 9 லட்சம் இடித்திருக்கும். வித்தியாசம் ஒத்திவைக்கப்பட்ட வரிக்குச் சமமாக இருந்தால், பிழை எங்கே என்று தேடவே வேண்டியதில்லை.

இன்னொரு குழி, சொத்துப் பக்கம். வருமான வரி ஆண்டுக்கு ஆண்டு தனிக் கணக்கு. ஓர் ஆண்டுக்குப் பாக்கி நிற்கும்போதே, பழைய ஆண்டொன்றில் கூடுதலாகக் கட்டிய பணம் திரும்ப வர வேண்டியிருக்கலாம். அது சொத்துகளின் கீழே உட்கார்ந்திருக்கும். பொறுப்புகளை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது.

நம் நிறுவனத்துக்கு அப்படி 5 லட்சம் வர வேண்டியிருந்து, ஆண்டில் 3 லட்சம் ரீஃபண்டாக வந்தது, 2 லட்சம் மீதி என்று கொள்வோம். இப்போது இரண்டு பக்கத்தையும் நிகராக எடுக்க வேண்டும். தொடக்கத்தில் 4 லட்சம் பாக்கி, 5 லட்சம் வரவு. நிகரமாக 1 லட்சம் வர வேண்டியது. முடிவில் 6 லட்சம் பாக்கி, 2 லட்சம் வரவு. நிகரமாக 4 லட்சம் தர வேண்டியது. 66-இலிருந்து அந்த 1-ஐயும் 4-ஐயும் கழித்தால் 61 லட்சம். கட்டிய 64-இல் திரும்பி வந்த 3 போக மிஞ்சுவதும் அதே 61. ஆண்டறிக்கைகளில் ‘செலுத்திய வரி, ரீஃபண்ட் நீங்கலாக’ என்று எழுதுவது இதைத்தான்.

ரீஃபண்டோடு வருமான வரித் துறை வட்டியும் சேர்த்து வங்கியில் போடுவதுண்டு. பாஸ்புக்கில் ஒரே தொகையாகத் தெரிந்தாலும், வட்டி மட்டும் வரிக் கணக்கில் சேராது. அது நிறுவனத்தின் இதர வருமானம். முழுத் தொகையையும் வரிக் கணக்கில் வரவு வைத்துவிட்டால், இறுதி இருப்பு அந்த வட்டி அளவுக்குத் தவறிப்போகும். அதிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் ‘கட்டிய வரி’ சலான்களோடு அதே அளவுக்கு ஒத்துவராது.